வேதுகுளிக்கு எந்த அடுப்பு? கரி பிடிக்கும் தீயும் கரி பிடிக்காத விஷமும்

ஐப்பசியில் மகள் இரண்டாவது பிரசவத்துக்கு வீட்டுக்கு வருகிறாள். எங்கள் வீடு குலசேகரத்துக்குப் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே. இரண்டு பருவமழையும் விடாமல் பெய்கிற கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐப்பசி என்றால் சாயங்காலம் இடி, இரவெல்லாம் மழை, காலையில் ஈரத் துணி. பிள்ளை பெற்றவளுக்கு வேதுகுளி வேண்டும். நொச்சியிலை போட்டுக் கொதித்த வெந்நீர், ஒரு குளிக்கு ஒரு குட்டுவம். கூடவே குழந்தைத் துணிகள் காய வேண்டும், அறை கதகதப்பாக இருக்க வேண்டும்.

இதற்கு எந்த அடுப்பு என்பதில்தான் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. புறவாசலில் இருக்கும் மூன்று கல் அடுப்பே போதும் என்பது என் மனைவி. அறைக்குள்ளேயே சிரட்டைக்கரிச் சட்டி வைத்துவிட்டால் துணியும் காயும், அறையும் சூடாகும் என்பது அம்மை. "குளியலறையில ஒரு காஸ் கீசர் மாட்டிடலாம் மாமா, நான் வாங்கித் தரேன்" என்பது மருமகன். புகைக்குழாய் வைத்து ஒரு விறகடுப்பு கட்டலாம் என்பது நான். பள்ளியில் நெடுங்காலம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் என் வார்த்தைக்கு இந்த வீட்டில் ஒரு மதிப்பு இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

அம்மைக்கு எண்பத்து நாலு வயது. அவளுடைய வாதத்தைத் தள்ளுவது எளிதல்ல. "பொகையே இல்லாத கரியில என்ன மக்களே பயம்? ஒன்னையும் ஒன் தங்கச்சியையும் இந்தக் கரிச்சட்டிய வச்சில்லா வளத்தேன்." புகை இருந்தால் கெடுதல், இல்லாவிட்டால் நல்லது. பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. இந்த ஒரு கணக்குதான் தப்பு என்பதை நான்கு வருடம் முன்பு எங்கள் வீட்டிலேயே பார்த்தோம்.

முதல் பிரசவத்தின்போது மூன்று நாள் விடாத மழை. அறைச் சன்னலை அடைத்துவிட்டு, கரிச்சட்டியைச் சுவரோரம் வைத்து, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் துணிகளைப் போட்டிருந்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் மனைவிக்குத் தலை வெடிக்கிற மாதிரி வலி. மகள் வாந்தி எடுத்தாள். மத்தியானம் சாப்பிட்ட மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று பேசிக்கொண்டோம். குழந்தை அந்த நேரம் பட்டாசாலையில் என் தங்கை மடியில் இருந்தது எங்கள் நல்ல நேரம். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியை எடுத்து மகளுக்கு மாட்டினேன். 98 காட்டியது. சரி, மூச்சுக்கு ஒன்றுமில்லை என்று நானும் நிம்மதியானேன். இரண்டு பேரும் காற்றாட முன்வாசலுக்கு வந்து உட்கார்ந்தபின் தலைவலி மெல்ல இறங்கியது. மறுபடி அறைக்குள் போனதும் ஏறியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வகுப்பில் அத்தனை தடவை கரும்பலகையில் எழுதிய வாயு என் வீட்டு அறையிலேயே நிற்கிறது.

அந்தக் கருவி ஏன் 98 காட்டியது என்பதைப் பின்னால் டாக்டர் விளக்கினார். அது ரத்தத்தின் நிறத்தைத்தான் பார்க்கிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் அதன் கண்ணுக்கு ஒரே சிவப்பு. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் வாயு இது. வெளியே வந்தபிறகும் வெறும் காற்றை மூச்சிழுத்தால் ரத்தத்தில் ஏறியதில் பாதி இறங்கவே நாலைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும்.

சரி, கார்பன் எப்படி எரிகிறது என்பதற்கு வருவோம். அடுப்புகளை ஒப்பிட அதுதான் அளவுகோல்.

கார்பன் எரிவதை இரண்டு படியாகப் பார்க்கலாம். முதல் படியில் ஒரு கார்பனோடு ஒரு ஆக்சிஜன் அணு சேர்ந்து CO, அதாவது அந்தக் கார்பன் மோனாக்சைடு ஆகிறது. இரண்டாவது படியில் அந்த CO இன்னொரு ஆக்சிஜன் அணுவைப் பிடித்து CO₂ ஆகிறது. இரண்டு படியும் ஏறினால் முழு எரிதல். முதல் படியிலேயே நின்றுவிட்டால் அரைகுறை எரிதல். ஒரு கிலோ கார்பன் முழுதாக எரிந்தால் சுமார் 33 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். CO-வோடு நின்றுவிட்டால் 9 மெகாஜூல்தான். அதாவது நான்கில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவான வெப்பம் எரியாமலே, அந்த விஷ வாயுவுக்குள் பூட்டிக்கொண்டு வெளியே போகிறது. அரைகுறையாக எரிவது உடம்புக்கும் கெடுதல், விறகுக் காசுக்கும் நஷ்டம்.

இரண்டாவது படி ஏற ஆக்சிஜன் இருந்தால் மட்டும் போதாது. கார்பன் மோனாக்சைடு தானாகத் தீப்பிடிக்க 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதற்குக் கீழே குளிர்ந்துவிட்டால், சுற்றிலும் எவ்வளவு காற்று இருந்தாலும் அது CO ஆகவேதான் வெளியேறும். காற்றும் சூடும் ஒரே இடத்தில், ஒன்றோடொன்று கலந்து, கொஞ்ச நேரமாவது சேர்ந்து இருக்க வேண்டும். இதில் எது தவறினாலும் படி பாதியில் நிற்கும்.

கரி, அதாவது சட்டியடியில் பிடிக்கிற கறுப்பு, இதே குறையில் பிறந்தாலும் வேறு வழியில் வருகிறது. விறகு நேராக எரிவதில்லை. சூடு ஏறியதும் அதன் எடையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஆவியாகவும் தாராகவும் பிரிந்து மேலே எழும். அந்த ஆவிதான் சுடராக எரிகிறது. சுடரின் நடுவே சூடு இருக்கிறது, ஆக்சிஜன் இல்லை. அங்கே ஆவியின் மூலக்கூறுகள் உடைந்து, ஹைட்ரஜனை இழந்து, மிஞ்சிய கார்பன் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத துகள்களாகிறது. அந்தத் துகள்கள் பழுக்கக் காய்ந்து ஒளிர்வதுதான் விறகுச் சுடரின் மஞ்சள் நிறம். சுடரின் ஓரத்துக்கு வரும்போது காற்று கிடைத்து அவை எரிந்து தீர்ந்துவிட்டால் புகை இல்லை. வழியில் குளிர்ந்த பாத்திரம் குறுக்கே நின்றால் அதன் அடியில் ஒட்டிக்கொள்ளும். எதுவும் குறுக்கே இல்லாமலே சுடரின் நுனி குளிர்ந்தால் கரும்புகையாகப் பறக்கும். ஆகவே விறகில் மஞ்சள் சுடர் வருவது குறையல்ல. நுனி அறுபடுவதுதான் குறை.

இதில் கவனிக்க வேண்டியது, கரி உண்டாக ஆவி வேண்டும். CO உண்டாக வெறும் கார்பனும் குறைந்த ஆக்சிஜனும் போதும். ஆவியே இல்லாத எரிபொருள் ஒன்று இருந்தால் அது துளியும் புகையாமல், துளியும் கரி பிடிக்காமல், CO-வை மட்டும் கொட்டும். அப்படியொரு பொருளை நாம் வேலை மெனக்கெட்டுச் செய்து வைத்திருக்கிறோம். அதுதான் சிரட்டைக்கரி.

சிரட்டையைக் குழியிலோ பீப்பாயிலோ மூடிக் கரியாக்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணைத் திறக்க முடியாத வெள்ளைப் புகை மணிக்கணக்கில் போகும். அந்தப் புகையோடுதான் ஆவியும் தாரும் போய்விடுகின்றன. எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கரியாக மிஞ்சும், அதில் பெரும்பகுதி கார்பன். புகைய வேண்டியதை முன்கூட்டியே புகைத்துத் தீர்த்த பொருள் என்பதால்தான் அது வீட்டுக்குள் வரும்போது சாதுவாக இருக்கிறது.

இப்போது சட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கீழ்ப்பக்கக் கரிக்குக் காற்று கிடைக்கிறது, அது CO₂ ஆக எரிகிறது. அந்த CO₂ மேலே எழும்போது மேலடுக்கில் பழுத்துக் கிடக்கும் கரியின் ஊடாகப் போக வேண்டும். 700 டிகிரிக்கு மேல் சூடான கரி, அந்த CO₂-விலிருந்து ஒரு ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும்:

C + CO₂ → 2CO

முழுதாக எரிந்து முடிந்ததைக்கூட மறுபடி விஷமாக்கிவிடுகிறது. கரி நன்றாகப் பழுத்து, அடுக்கு உயரமாக இருந்தால் இது இன்னும் அதிகம். கரியடுப்பின்மேல் சில நேரம் நீலமாக ஒரு சிறு சுடர் நடனமாடும். அது இந்த CO மேலே வந்து எரிகிற சுடர், நல்ல அறிகுறி. சாம்பல் மூடி, நீலச் சுடரும் அடங்கி, வெறும் கனலாகக் கிடக்கும்போதுதான் CO எரியாமல் அப்படியே அறைக்கு வருகிறது. அம்மை சட்டியை அறைக்குள் கொண்டுவருவது சரியாக அந்தப் பதத்தில். "நல்லா பழுத்துட்டு, இனி பொகையாது" என்பாள்.

எங்கள் அறைக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீளம், அகலம், உயரம் எல்லாம் மூன்று மீட்டர் என்று வைத்தால் 27 கன மீட்டர் காற்று. சட்டியில் ஒரு மணி நேரத்துக்குக் கால் கிலோ கரி எரிகிறது. அதில் 200 கிராம் கார்பன். பத்தில் ஒரு பங்கு மட்டுமே CO ஆகிறது என்று வைப்போம். இது குறைத்துப் போட்ட கணக்குதான். 20 கிராம் கார்பன் சுமார் 47 கிராம் CO தரும். காற்றே மாறாத அறையில் ஒரு மணி நேரத்தில் அது பத்து லட்சம் பங்கு காற்றுக்கு 1500 பங்கு. ஒரு மணி நேரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு கன மீட்டருக்கு 35 மில்லிகிராம், அதே கணக்கில் சுமார் 30 பங்கு. 800 பங்கில் முக்கால் மணி நேரத்துக்குள் தலைவலியும் மயக்கமும் வரும், இரண்டு மணி நேரத்தில் நினைவு தப்பும். 1600-ல் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போகலாம்.

எந்த அறையும் அவ்வளவு அடைப்பாக இருக்காது என்பது உண்மைதான். அம்மையின் வாதத்துக்குப் பதிலும் அங்கேதான் இருக்கிறது. நானும் தங்கையும் வளர்ந்தது ஓட்டு வீட்டில். ஓட்டுச் சந்து, பலகைக் கதவு, மரச் சன்னல். ஒரு மணி நேரத்தில் அறைக்காற்று ஐந்து தடவை மாறியிருக்கும் என்றால் அதே சட்டி 300 பங்கோடு நின்றிருக்கும். அதுவும் வரம்புக்குப் பத்து மடங்கு, தலைவலிக்குப் போதும். ஆனாலும் ஆள் பிழைத்துக்கொள்வார். இப்போது தளம் போட்டு, கண்ணாடிச் சன்னல் வைத்த அறையை மழைக்காக இறுக அடைத்தால், காற்று ஒரு மணிக்குப் பாதி தடவை மாறுவதே பெரிது. கணக்கு 1000 பங்கைத் தாண்டுகிறது. சட்டி அதேதான், கரி அதேதான், வீடு மாறிவிட்டது. அம்மையிடம் இதைச் சொன்னபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. அது சம்மதம் அல்ல, ஆனால் சண்டையும் அல்ல.

சட்டியை உயரத்தில் வை, கட்டிலுக்கு அடியில் வைக்காதே என்று சிலர் சொல்வார்கள். பயனில்லை. இந்த வாயு காற்றைவிட ஒரு மயிரிழை லேசானது, அறை முழுக்கக் கலந்து நிற்கும். தரையிலும் அதேதான், கட்டில்மேலும் அதேதான்.

மருமகனின் காஸ் கீசருக்கு வருகிறேன். எல்லாரும் சுத்தம் என்று நம்புவது இதைத்தான். காஸ் நன்றாக எரியும்போது சுத்தம்தான். காஸ் அடுப்பின் குழாய்க்குள்ளேயே வாயுவோடு காற்று முன்கூட்டிக் கலந்துவிடுகிறது. கார்பன் துகள் உருவாக நேரமே இல்லை, அதனால்தான் நீலச் சுடர். இந்தியத் தரநிர்ணயப்படி வீட்டு காஸ் அடுப்பில் 100 பங்கு CO₂-வுக்கு 2 பங்குக்கு மேல் CO வரக்கூடாது. கரிச்சட்டியோடு ஒப்பிட்டால் இது எங்கேயோ இருக்கிறது.

ஆனால் இந்த ஒப்பீடு அடுப்புக்குப் போதுமான ஆக்சிஜன் இருக்கும்வரைதான். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் வெந்நீர் தரும் கீசர் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காஸ் எரிக்கும். ஒரு கிலோ காஸ் முழுதாக எரிய 13 கன மீட்டர் காற்று வேண்டும். எங்கள் குளியலறை நாலடிக்கு ஆறடி, எட்டடி உயரம், மொத்தமே ஐந்தரை கன மீட்டர்தான். கதவையும் சன்னலையும் அடைத்துக் குளித்தால், நான்கு நிமிடத்துக்குள் காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 18-க்கு வந்துவிடும். கீசர் தான் விட்ட புகையையே மறுபடி இழுத்து எரிக்க ஆரம்பிக்கிறது. அதன்பின் சுடர் நீண்டு, மஞ்சளாகி, CO மளமளவென ஏறும். வெந்நீர் நன்றாக வருவதால் குளிப்பவருக்குச் சந்தேகமும் வராது. வேதுகுளி நான்கு நிமிடத்தில் முடிகிற குளியும் அல்ல. குளியலறைக்குள் மாட்டிய காஸ் கீசரால் ஆள் விழுவது இப்படித்தான். அடுப்பு கெட்டுப்போக வேண்டியதே இல்லை, அறை சின்னதாக இருந்தால் போதும்.

கீசரை வெளிச்சுவரில், கூரை மட்டும் வைத்து மாட்டி, தண்ணீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவந்தால் இந்தக் குற்றச்சாட்டு முழுதும் விழுந்துவிடும். மருமகனிடம் அப்படியே சொன்னேன். வெளியே மாட்டினால் துரு பிடிக்கும் என்றார். பிடிக்கட்டும்.

காஸ் சுடரில் ஒரு சின்னக் குழப்பம் நம் மாவட்டக்காரர்களுக்கே உரியது. தேங்காப்பட்டணத்தில் கடற்கரையோரம் இருக்கும் என் தங்கை வீட்டில் நீலச் சுடருக்குள் அடிக்கடி ஆரஞ்சுப் பொறிகள் தெரிகின்றன என்று பயந்தாள். அது கடற்காற்றின் உப்பு. உப்பிலுள்ள சோடியம் தீயில் பட்டால் ஆரஞ்சாக மின்னும், எரிதலில் ஒரு குறையும் இல்லை. உண்மையான குறை என்றால் சுடரின் நுனி சீராக மஞ்சளாகி, மெதுவாக ஆடும். சந்தேகமாக இருந்தால் ஒரு சில்வர் தட்டைக் கழுவித் துடைத்துச் சுடரின் நுனிமேல் அரை நிமிடம் காட்டுங்கள். கறுத்தால் காற்று போகும் ஓட்டை அடைந்திருக்கிறது. சிலந்திக்கூடு, தூசி, வழிந்த பால், எதுவாகவும் இருக்கலாம். கறுக்காவிட்டால் அது வெறும் உப்பு.

மிச்சம் விறகு. இதில்தான் எனக்கு ஆசை அதிகம், ஏனென்றால் வீட்டைச் சுற்றி விறகு சும்மா கிடக்கிறது. மட்டை, கொதும்பு, சிரட்டை, தோட்டத்தில் முறிந்த ரப்பர்க் கொம்பு.

முதலில் நீரின் கணக்கு. ஒரு குட்டுவம், அதாவது 30 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 70-க்குக் கொண்டுவர 5.4 மெகாஜூல் வேண்டும். மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் பத்துப் பன்னிரண்டு சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகும். அதனால் உலர்ந்த விறகு மூன்று கிலோ வேண்டும். கம்பித் தட்டும் அடைத்த பக்கங்களும் உள்ள அடுப்பு 25 சதவீதத்தைப் பிடித்தால் ஒன்றரை கிலோ போதும். பாதி விறகு என்றால் பாதி புகை என்று மட்டும் பொருளல்ல. சுவருக்குள் தீ அடங்கியிருப்பதால் சுடர் குளிராமல் நீண்ட நேரம் சூடாக இருக்கிறது, ஆகவே ஒரு கிலோவுக்கு வரும் புகையும் குறைகிறது. திறந்த கல்லடுப்பில் பக்கவாட்டில் மழைக்காற்று வந்து சுடரை அறுக்கும். காற்று நிறைய, ஆனால் குளிர்ந்த காற்று. காற்று அதிகமானால் நன்றாக எரியும் என்ற நம்பிக்கை அங்கே பொய்த்துப் போகிறது.

விறகு ஈரமானால் இது இன்னும் மோசம். அதன் காரணத்தைப் பலர் தப்பாகச் சொல்கிறார்கள். தண்ணீரை ஆவியாக்குவதில் வெப்பம் வீணாகிறது என்பார்கள். அப்போதுதான் வெட்டிய ஒரு கிலோ விறகில் பாதி தண்ணீர் என்று வைத்தால், அந்த அரை லிட்டரை ஆவியாக்க 1.3 மெகாஜூல் போகிறது. மிச்ச அரைக் கிலோ உலர்ந்த மரம் தருவது சுமார் 9. ஏழில் ஒரு பங்குதான் நஷ்டம், தாங்கலாம். உண்மையான கெடுதல் அந்த நீராவி சுடரின் சூட்டை இறக்கிவிடுவதில் இருக்கிறது. மரத்திலிருந்து ஆவி எழும்ப 300 டிகிரி போதும், அது ஈர விறகிலும் கிடைத்துவிடும். அந்த ஆவி எரிய அதைப்போல் இரண்டு மடங்கு சூடு வேண்டும், அது கிடைக்காது. எனவே ஆவி எழும், எரியாது. கண்ணெரிச்சலோடு வரும் அந்த வெள்ளைப் புகை, எரியாத தாரும் ஆவியும். கரும்புகை வேறு, அது சுடருக்குள் உருவாகி நுனியில் தப்பித்த கரி. வெள்ளையாக இருந்தால் விறகைப் பாருங்கள், கறுப்பாக இருந்தால் காற்றைப் பாருங்கள் என்று நான் வைத்துக்கொள்வது.

(எங்கள் ஊரில் இந்த அரைகுறைத் தீயை வேண்டுமென்றே போடுகிற இடம் ஒன்று உண்டு. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை. அங்கே சுடர் எழக் கூடாது, அறை 50, 60 டிகிரியைத் தாண்டக் கூடாது, புகை ஷீட்டில் படிய வேண்டும். அந்தப் புகையிலுள்ள பொருட்கள்தான் ஷீட்டில் பூஞ்சை வராமல் தடுக்கின்றன. ஒரு தீயை நல்லது கெட்டது என்று சொல்வதே அது எதற்காக என்பதைப் பொறுத்துத்தான். ஆனால் புகைப்புரைக் கதவைத் திறந்தவுடன் உள்ளே நுழையாமல் கொஞ்சம் நிற்பது நல்லது.)

புகைக்குழாய் அடுப்பைப் பற்றி நானே எனக்குச் சொல்லிக்கொண்ட எச்சரிக்கை ஒன்று உண்டு. புகைக்குழாய் தீயைத் திருத்துவதில்லை, கழிவை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். விறகடுப்புகளுக்கான இந்தியத் தரத்தில், பாத்திரத்துக்குப் போகும் ஒரு மெகாஜூல் வெப்பத்துக்கு 5 கிராம் வரை CO அனுமதி. எங்கள் ஒரு குட்டுவத்துக்கு 5.4 மெகாஜூல். ஆக, தரச்சான்று பெற்ற நல்ல அடுப்பே ஒரு குளிக்கு 27 கிராம் வரை CO விடலாம். கரிச்சட்டி ஒரு மணி நேரத்தில் விட்டதில் பாதிக்கு மேல்! அதனால் அடுப்பு நல்ல அடுப்பா என்று கேட்பதற்கு முன்னால், அது விடும் வாயு எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். புகையில்லா அடுப்பு என்று விற்பார்கள். விஷமில்லா அடுப்பு என்று அதைப் படித்துவிடக் கூடாது.

இன்னொன்று, விறகடுப்பு தன் கடைசி அரை மணியில் கரிச்சட்டியாக மாறிவிடுகிறது. ஆவி முழுதும் எரிந்து, சுடர் அடங்கி, கனல் மட்டும் மிஞ்சுகிறது. அடுக்களையில் இருப்பவர்கள் அப்பாடா என்று உட்காருவது அந்த நேரத்தில்தான். புகை நின்றுவிட்டது, CO நிற்கவில்லை. மழை இரவில் அந்தக் கனலை அள்ளி ஒரு சட்டியில் போட்டு அறைக்குள் கொண்டுபோவது பழைய வழக்கம். அப்படிச் செய்தால் விறகடுப்பைத் தேர்ந்தெடுத்ததற்குப் பொருளே இல்லை.

எல்லாம் போட்டுப் பார்த்து, முடிவு இப்படி வந்தது. புறவாசல் சாய்ப்பில், அறைச் சன்னலுக்கு எதிர்ப்பக்கம், நாலங்குலப் புகைக்குழாயோடு அடுப்பு கட்டியாயிற்று. சாம்பல் கீழே விழவும் கீழிருந்து காற்று ஏறவும் கம்பித் தட்டு இருக்கிறது. குழாய் கூரைக்குமேல் இரண்டடி நிற்கிறது, மேலே மழை விழாமல் ஒரு தகரத் தொப்பி. ரப்பர் விறகைப் புரட்டாசியிலேயே இரண்டு விரல் கனத்துக்குப் பிளந்து, ஓலைச் சாய்ப்புக்கு அடியில் இடைவெளி விட்டு அடுக்கிவிட்டோம். முனை வெடித்து, ஒன்றோடொன்று தட்டினால் டக்கென்று சத்தம் வந்தால் காய்ந்தது. மொத் என்று கேட்டால் இன்னும் ஈரம். அடுப்பு வாயில் மூன்று துண்டுக்கு மேல் திணிக்கக் கூடாது என்பது சட்டம். திணித்தால் காற்று போகும் வழி அடைந்து, குழாயில் கரும்புகை தெரியும். ஊதுகுழல் எடுக்க வேண்டி வந்தாலே விறகைக் குறை என்று பொருள்.

மழை அடித்துப் பெய்யும் நாளில் அடுக்களை காஸ் அடுப்பில், சன்னலைத் திறந்து வைத்து, இரண்டு பானையாகக் காய்ச்சுவோம். 30 லிட்டருக்கு 200 கிராம் காஸ். 14.2 கிலோ சிலிண்டரில் எழுபது குளி. நேர்மையாகச் சொன்னால் எரிதல் என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால் இதுதான் முதலிடம். கொதிக்கிற பானையை அடுக்களையிலிருந்து குளியலறைவரை ஈரத் தரையில் தூக்கிப் போவதுதான் எனக்குப் பயம். கீசர் வெளிச்சுவரில் என்றால் சரி, இல்லாவிட்டால் வேண்டாம் என்று மருமகனுக்குச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

துணி காய்வதற்கு மின்விசிறியும், சாய்ப்பில் புகைக்குழாயைச் சுற்றிக் கட்டிய கயிறும். குழாய்ச் சூட்டில் துணி நன்றாகவே காய்கிறது. மாதம் ஒருமுறை குழாயைத் தட்டித் தார்க்கரியை எடுக்கும் வேலை எனக்கு.

சாம்பிராணியை மட்டும் அம்மை விட்டுக்கொடுக்கவில்லை. தலைக்குக் குளித்தபின் குழந்தைக்குச் சாம்பிராணி காட்டாமல் முடியாது என்றாள். முன்வாசல் திண்ணையில், இரண்டு கனல் துண்டில், கைவீச்சில் காட்டிவிட்டு அங்கேயே தண்ணீர் ஊற்றி அணைப்பது என்று உடன்பாடு. தலைவலி வந்தால் மீனைக் குறை சொல்லக் கூடாது என்று நான் சேர்த்துக்கொண்டேன். "ஒனக்கு வாயி மட்டும் கொறையாது" என்றாள்.